மழை வரட்டும் சார், பாத்துக்கலாம்

கொத்தனார் மொட்டை மாடியை ஒரு சுற்றுச் சுற்றினார். தட்டோட்டைக் குதிகாலால் இரண்டு இடத்தில் தட்டினார், கைப்பிடிச்சுவர் மேல் சாய்ந்து டீ குடித்தார், பிறகு தீர்ப்பு சொன்னார்: "காஞ்சு கெடக்குற மாடியில எங்க ஒழுகுதுன்னு எப்படி சார் சொல்றது? மழை வரட்டும், பாத்துக்கலாம்." மழை வந்தால் எங்கே ஒழுகும் என்பது எனக்கே தெரியும், கட்டில் மேல். அப்போது போன் போட்டால் "ஈரத்துல பூச்சு நிக்காது சார், வெயில் வரட்டும்" என்பார். வெயில் வந்ததும் ஒழுகாது. இந்த வட்டத்துக்குள் இவர் தொழில் வருடாவருடம் சௌக்கியமாக நடக்கிறது.

சென்னைக்காரர்களுக்குத் தீபாவளிக்கு இணையாக இன்னொரு நாள் எண்ணும் பழக்கம் உண்டு. வடகிழக்குப் பருவமழை சராசரியாக அக்டோபர் 20 வாக்கில் தொடங்கும் என்பதால், என் மனைவி தினசரி காலண்டரில் அந்தத் தாளிலிருந்து பின்னோக்கி வேலைகளை எழுதி வைத்துவிடுவாள். ஒரு தாளில் மாடி, இன்னொன்றில் டார்ச், இன்னொன்றில் பத்திரம். தாள் கிழிந்துகொண்டே போகும், வேலை அப்படியே அடுத்த தாளுக்குக் குடிபோகும்.   

கொத்தனார் சொன்னது சுத்தப் பொய் என்பதை முதலில் நிறுவியாக வேண்டும். மழைக்குக் காத்திராமல் மாடியைச் சோதிக்கலாம். ஈர மணல் கட்டிய துணி மூட்டையால் மழைநீர்க் குழாயின் வாயை அடைத்துவிட்டு, ஓர் அங்குல உயரத்துக்குத் தண்ணீர் தேக்க வேண்டும். சுவரில் சாக்பீஸால் மட்டத்தைக் குறித்து ஒரு நாள் முழுக்க விட்டுவிட வேண்டும். பக்கத்தில் ஒரு தாம்பாளத்திலும் தண்ணீர் வைப்பது நல்லது. வெயிலில் ஆவியானது எவ்வளவு என்று அது சொல்லும். தாம்பாளத்தைவிட மாடியில் அதிகம் இறங்கியிருந்தால், மிச்சம் உங்கள் கூரைக்குள் போயிருக்கிறது.

600 சதுர அடி மாடிக்கு ஓர் அங்குலம் என்றால் ஏறக்குறைய 1,400 லிட்டர். தண்ணீர் லாரிக்குத் தவம் கிடக்கும் ஊரில் இதை மாடியில் கொட்டுகிறேன் என்றதற்கு வீட்டில் கிடைத்த பதிலை இங்கே அச்சிட முடியாது. ஆனால் சோதனை பலித்தது. படுக்கையறை ஃபேன் கொக்கியைச் சுற்றி ஈர வளையம் விழுந்தது. அதற்கு நேர் மேலே மாடியில் ஒரு கீறல்கூட இல்லை. தண்ணீர் இறங்கிய இடம் நாலடி தள்ளி, சுவரும் தளமும் சேரும் மூலையில் இருந்த மயிரிழை விரிசல். தட்டோட்டுக்கு அடியிலேயே ஊர்ந்து வந்து, கொக்கிக்காகப் போட்ட ஓட்டையில் வழி கண்டிருக்கிறது. ஒழுகும் இடத்துக்கு நேர் மேலே பூசிவிட்டுக் காசு வாங்கிப் போகிறவர்கள் மறு வருடமும் ஏன் வருகிறார்கள் என்று இப்போது புரிந்திருக்கும்.

குழாய் வாயைச் சொல்ல மறந்தேன். அதே மாடியில் ஒரு மணி நேரத்தில் 5 செ.மீ. மழை கொட்டினால் 2,800 லிட்டர் அந்த ஒற்றை வாய் வழியாக இறங்கியாக வேண்டும். அதன் மேல் தட்டையான ஜாலி போட்டிருந்தால், பக்கத்து வீட்டு வாதாமரத்தின் ஒரே ஓர் இலை போதும், கச்சிதமாக மூடிக்கொள்ளும். குமிழ் போல எழும்பி நிற்கும் ஜாலி வாங்கிப் போட்டால் இலை பக்கவாட்டில் ஒட்டும், மேலாகத் தண்ணீர் போகும். விலை சொற்பம். அதையும் மழை வரட்டும் என்றுதான் தள்ளிப்போட்டு வந்தோம்.

இனி டார்ச். எல்லார் வீட்டிலும் ஒரு டார்ச் உண்டு, அதற்குள் செல் கிடையாது. அது டிவி ரிமோட்டில் இருக்கும். ரிமோட்டில் இருந்தது எங்கே? சுவர்க் கடிகாரத்தில். கடிகாரத்தில் இருந்தது மேஜை இழுப்பறையில், ரப்பர் பேண்ட், மூடி தொலைந்த பேனா, யாருக்கும் பொருந்தாத சாவிகள் இவற்றோடு உருண்டுகொண்டிருக்கும். குப்பையில் போட மனம் வராது, "கொஞ்சம் உசிரு இருக்கும்" என்போம். இந்த இழுப்பறைவாசிகளை வெயிலில் காய வைப்போம், தரையில் உருட்டுவோம். என் மாமனார் பல்லால் கடித்தே அமுக்குவார். கடித்தால் கொஞ்ச நேரம் வேலை செய்யும் என்பது அவர் கட்சி. ரிமோட்டின் பின்புறத்தை நாலு தட்டுத் தட்டினால் சேனல் மாறும் என்பதும் அதே கட்சியின் கொள்கை.

இதில் எரிச்சல் என்னவென்றால், இந்தக் கீழிறக்கத்தில் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது. டார்ச் கேட்கும் மின்சாரம் அதிகம், கடிகாரம் கேட்பது துளி. டார்ச்சில் செத்தது கடிகாரத்தில் மாதக்கணக்கில் ஓடும். அநியாயம் எதிர்த்திசையில்தான் நடக்கிறது. கரண்ட் போன இரவில், இருட்டில் துழாவி, கடிகாரத்திலிருந்து ஒன்றைப் பிடுங்கி, புதிதாக ஒன்றை அதன் கூடச் சேர்த்து டார்ச்சில் போடுகிறோம். பழசு சீக்கிரம் தீர்ந்துவிடும், புதுசு அதன் வழியாகவே விடாமல் மின்சாரத்தைத் தள்ளும், பழசு கசியும். மறு வருடம் திறந்தால் ஸ்பிரிங் முழுக்க வெள்ளைப் பூஞ்சை மாதிரி படிந்திருக்கும். ஆல்கலைன் செல் கசிந்த காரம் அது. கையுறை போட்டு, வினிகரோ எலுமிச்சைச் சாறோ தொட்ட பஞ்சால் துடைத்தால் பெரும்பாலும் போய்விடும். மலிவான செல்லில் வெளித்தகடே துத்தநாகம். உள்ளே இருப்பது அதைத் தின்றுதான் மின்சாரம் தருகிறது. தின்று முடித்தால் ஓட்டை. ஆகவே மழைக்கால டார்ச்சில் செல்லைப் போட்டு வைக்காமல் பக்கத்தில் கட்டி வையுங்கள் என்றேன். கட்டி வைத்தோம். மறுநாள் ரிமோட் அதிவேகமாகச் சேனல் மாற்றியது.

பத்திரங்கள் வந்தாயிற்று, சுருக்கமாகச் சொல்கிறேன். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு, தொலைந்த ஆவணங்களை மறுபடி தருவதற்கு அரசே சிறப்பு முகாம் நடத்தியது. அதைக் கேட்டு எங்கள் தெருவில் ஒருவர் கிரயப் பத்திரத்தை லேமினேட் செய்தார். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கை இனிக் காகிதம் கிழியாமல் பிரிக்க முடியாது. பழைய பத்திரங்களில் பேனா மை ஈரம் பட்டால் கரைந்தோடும், அதற்கு ஜிப் வைத்த கனமான கவர் போதும். வறண்ட நாளில் போட வேண்டும். ஈரக் காற்றோடு மூடினால் ஈரத்தையே பாதுகாத்ததாகும். ஜெராக்ஸை மலிவான பிளாஸ்டிக் கவரில் வருடக்கணக்கில் வைத்தால் எழுத்தெல்லாம் கவரில் ஒட்டிக்கொண்டு காகிதம் வெள்ளையாகும். என் சம்பளச் சான்றிதழ் இப்போது கவரில்தான் படிக்கக் கிடைக்கிறது.

எங்கே வைப்பது என்பதில்தான் சண்டை. கீழ்த்தட்டில் வைத்தால் வெள்ளம். பரணில் வைத்தால் அங்கேயும் கூரை ஈரம். கடைசியில் கவருக்குள் கவர், அதற்குள் கவர், எல்லாம் ஜவுளிக்கடைப் பையில், அலமாரியின் நடுத்தட்டில். கடைசி ஜிப்பை இழுத்து மூடி நிமிர்ந்தால் மகன் வந்து நின்றான்.

"அப்பா, நாளைக்கு ஸ்கூல்ல ஆதார் ஜெராக்ஸ் கேட்டாங்க."

"ஒண்ணுதானே, மேலாகத்தான் இருக்கும், எடுங்க" என்றாள் மனைவி, சமையலறையிலிருந்து.