சின்ன வேலைதான் சார்!

அடக்கசாமி என்பது பெற்றோர் வைத்த பெயரல்ல. ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப் வைத்தது. ஓசூர் பக்கம் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இப்படி ஒருவர் இல்லாத கணக்குப் பிரிவு இந்த மாநிலத்திலேயே கிடையாது என்பதால், ஊரை மாற்றி வாசித்தாலும் பாதகமில்லை.

வேலையில் மனிதர் புலி. ஜி.எஸ்.டி.யில் மாதா மாதம் ஒரு கண்டம் உண்டு. சரக்கு கொடுத்தவர்கள் 11ஆம் தேதிக்குள் தங்கள் பில்களை ஜி.எஸ்.டி.ஆர்-1இல் ஏற்ற வேண்டும். ஏற்றியது 14ஆம் தேதி வரும் 2பி பட்டியலில் தெரியும். அதில் இல்லாத பில்லுக்கு, கட்டிய வரியை அந்த மாதம் கழித்துக்கொள்ள முடியாது. அடக்கசாமி 14ஆம் தேதிவரை காத்திருக்கும் ஆளில்லை. 9ஆம் தேதியே உட்கார்ந்து, கொள்முதல் பதிவேட்டையும் அதுவரை ஏறியிருக்கும் பில்களையும் ஒத்துப்பார்ப்பார். சென்ற மாதம் ஆறு லட்ச ரூபாய் பில் ஒன்றைக் காணவில்லை. சப்ளையரோ “ஏத்திட்டேன் சார், சத்தியமா” என்கிறார். அடக்கசாமிக்கு ஒரு பொறி தட்டியது. கம்பெனிக்குப் பெங்களூரிலும் ஒரு கிளை உண்டு. ஜி.எஸ்.டி. எண்ணின் முதல் இரண்டு இலக்கம் மாநிலத்தைக் குறிக்கும். தமிழ்நாட்டுக்கு 33, கர்நாடகத்துக்கு 29. பெங்களூர் கணக்கைத் திறந்து பார்த்தால், அங்கே சமர்த்தாக உட்கார்ந்திருக்கிறது பில். கெடுவுக்கு முன்பே சப்ளையரைத் திருத்த வைத்தார். 18 சதவீதக் கணக்கில் 1,08,000 ரூபாய் அந்த மாதமே கைக்கு வந்தது.

14ஆம் தேதி மாலை மேனேஜர் குரூப்பில் போட்டார்: “இந்த மாசம் 2பியில் ஒரு பில்கூட விடுபடலை. அடக்கசாமி சாருக்குப் பாராட்டுகள்!” அடுத்த நிமிடமே கைதட்டல்கள் வரிசைகட்டின. பர்ச்சேஸ் மேடம் ஒரு பூங்கொத்து வைத்தார். ஸ்டோர்ஸ்காரர் ஒரு ராக்கெட் விட்டார்.

இனிதான் நம் நாயகருக்கு உண்மையான வேலை. உடனே பதில் போட்டால், பாராட்டுக்காகவே போனைக் கையில் வைத்திருந்தது போலாகும். ராத்திரிவரை இழுத்தால் தலைக்கனம் என்பார்கள். இருபது நிமிடம் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார். அந்த இருபது நிமிடமும் எதிரில் இருக்கும் எக்ஸலில் ஓர் அறைகூட நிரம்புவதில்லை.

முதலில் “நன்றி சார்” என்று அடிக்கிறார். வெறும் நன்றி என்றால் பாராட்டை அப்படியே வாங்கிப் பையில் போட்டுக்கொண்டதாக ஆகாதா? அழிக்கிறார். “என் கடமையைத்தானே செய்தேன்” என்று அடிக்கிறார். அப்படியானால் மற்றவர்கள் கடமையைச் செய்யவில்லை என்று பர்ச்சேஸ் மேடம் எடுத்துக்கொண்டால்? அதையும் அழிக்கிறார். இதற்குள் குரூப்பின் தலைப்பில் அவர் ‘டைப்பிங்’ என்பது வந்து வந்து மறைவதை எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கடைசியில் புறப்படுகிறது அந்த வாக்கியம்: “நான் ஒண்ணுமே பண்ணலை சார். சின்ன வேலைதான். எல்லாம் பக்கத்து சீட் தம்பியோட ஒத்துழைப்பு.”

பக்கத்து சீட் தம்பி அந்த 9ஆம் தேதி லீவில் இருந்தார்.

இந்தச் சங்கடத்தை ஆராய்ந்தும் எழுதியிருக்கிறார்கள். அனிதா பொமரான்ட்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1978இல், பாராட்டுக்கு மக்கள் எப்படிப் பதில் சொல்கிறார்கள் என்பதைப் பற்றி எழுதிய கட்டுரை இன்றும் பேசப்படுகிறது. அவர் சொல்வது இதுதான்: பாராட்டைக் கேட்பவர் இரண்டு கயிறுகளுக்கு நடுவில் மாட்டிக்கொள்கிறார். பேசுபவரோடு ஒத்துப்போக வேண்டும், தற்புகழ்ச்சியும் கூடாது. ஒத்துப்போனால் தற்புகழ்ச்சி, மறுத்தால் எதிராளி சொன்னது பொய் என்றாகிறது. அதனால்தான் மனிதர்கள் பாராட்டைக் கொஞ்சம் குறைத்தோ, வேறு ஒருவர் பக்கம் தள்ளியோ, திருப்பிக் கொடுத்தோ நழுவுகிறார்கள். அடக்கசாமி நழுவவில்லை, ஒரேயடியாகக் குதித்துவிட்டார். “ஒண்ணுமே பண்ணலை” என்றால், ஒன்றும் செய்யாதவரைப் பாராட்டிய மேனேஜர் யார் என்ற கேள்வி வருகிறதே! மேனேஜருக்கும் அது உறைத்திருக்க வேண்டும். அவர் பதிலுக்கு வைத்தது ஒரே ஒரு கட்டைவிரல்.

நம்மூர் மரபு இவரைக் கைவிட்டுவிட்டது என்றும் சொல்ல முடியாது. பெரும்புலவர்கள் பலர் அவையடக்கம் பாடித்தான் காப்பியத்தைத் தொடங்கினார்கள். பாற்கடலை நக்கிக் குடிக்கப் புகுந்த பூனை என்று கம்பர் தன்னைச் சொல்லிக்கொண்டார். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பூனை என்றது ஆரம்பத்தில். பத்தாயிரத்துக்கு மேல் பாட்டுப் பாடியது அதற்கப்புறம். வேலையை முடித்துவிட்டு, பாலையும் குடித்துவிட்டு, “நான் கடலுக்குப் போகவே இல்லையே” என்று அவர் சொல்லவில்லை.

நன்னூல் எழுதிய பவணந்தி இன்னும் கறார். எவ்வளவு பெரிய நூலைச் செய்தாலும் தன்னைத் தானே புகழ்வது தகாது என்று முதலில் கதவைச் சாத்துகிறார். உடனே அடுத்த சூத்திரத்தில் நான்கு ஜன்னலைத் திறக்கிறார். அரசவைக்கு ஓலை எழுதும்போது, தன் திறமை தெரியாதவர்கள் நடுவில், அவையில் வாதிட்டு வென்றாக வேண்டியபோது, எதிராளி தன்னைப் பழிக்கும்போது புலவன் தன்னைப் புகழ்ந்துகொள்ளலாமாம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் வருடாந்திர அப்ரைசல் கிடையாது. இருந்தாலும் முதல் இரண்டு ஜன்னல்களும் ஹெச்.ஆர். அறைப் பக்கம்தான் திறக்கின்றன என்பது என் கட்சி.

அடக்கசாமிக்கு இது தெரியாது. அவருடைய கவலை வேறு. பதிலைப் போட்ட பிறகு அதை அழுத்திப் பிடித்து, யார் யார் படித்தார்கள் என்று பார்க்கிறார். பிளான்ட் ஹெட் இன்னும் படிக்கவில்லை. குரூப்பில் எல்லோரும் படித்தால்தான் டிக் நீலமாகும் என்பதால், சாம்பல் டிக்கோடு ஒரு மாலை முழுக்கப் போகிறது. நடுவில் ‘சின்ன வேலைதான்’ என்பது ஓவரோ என்று தோன்ற, திருத்தப் போகிறார். பதினைந்து நிமிடம் தாண்டிவிட்டது. வாட்ஸ்அப் திருத்த விடாது. அழிக்கலாம். அழித்தால் ‘இந்த மெசேஜ் அழிக்கப்பட்டது’ என்று ஒரு தழும்பு நிற்கும். பணிவை அழித்தவர் என்ற பெயர் வேறு எதற்கு?

இத்தனைக்கும் அதே குரூப்பில், அதே வாரம், ஸ்டோர்ஸ்காரருக்கும் ஒரு பாராட்டு வந்தது. சரக்கு இருப்புக் கணக்கை முடித்ததற்கு. அவர் போட்டது மூன்று வரி: “நன்றி சார். இரண்டாம் ராக்கை லோடிங் பசங்க ஞாயித்துக்கிழமை வந்து எண்ணிக் கொடுத்தாங்க. வித்தியாசம் வந்த ஐட்டங்களைத் தனி ஷீட்டில் போட்டிருக்கேன்.” அவர் யாரையும் பொய்யராக்கவில்லை. பங்கு யாருக்கு எவ்வளவு என்பதும் வெளியே வந்துவிட்டது. அதோடு போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

மார்ச்சில் அப்ரைசல் படிவம் வந்தது. ‘இந்த ஆண்டில் உங்கள் சாதனைகள்’ என்ற பெட்டியில் அடக்கசாமி எழுதியது: “கொடுத்த பணிகளை உரிய நேரத்தில் முடித்தேன்.” பெட்டியில் முக்கால்வாசி காலி. பக்கத்து சீட் தம்பியின் படிவம் இரண்டு பக்கம் ஓடியது. ‘1,08,000 ரூபாய் வரிக் கழிவு விடுபடாமல் காப்பாற்றப்பட்டதில் முக்கியப் பங்கு’ என்று ஒரு வரி. ஆதாரமாக ஒரு ஸ்க்ரீன்ஷாட்டும் இணைத்திருந்தார். அனுப்பியவர் பெயர் மேலே தெளிவாகத் தெரிகிற மாதிரி வெட்டியிருந்தார்.