நீங்களும் சேர்த்தியா?

(இரண்டு இதழுக்கு முன் 'நாம்', 'நாங்கள்' பற்றி ஒற்றை வரி எழுதினேன். தபால் பை கிழிந்துவிட்டது.)

கே: நாம், நாங்கள் இரண்டும் ஒன்றுதானே? எதற்கு இரண்டு சொல்?
*ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கும்பகோணம்*

ப: "நாங்கள் சாப்பிடப் போகிறோம்" என்று யாராவது சொல்லும்போது நீங்களும் போய் இலை முன்னால் உட்கார்ந்து பாருங்கள்.

கே: கல்யாணமாகி நான்கு மாதம் ஆகிறது. என் கணவர் என்னிடம் பேசும்போது "எங்க வீட்டுல இப்படிச் செய்ய மாட்டோம்" என்கிறார். நான் அதே வீட்டில்தான் இருக்கிறேன். கவலைப்படலாமா?
*புதுப்பெண், மன்னார்குடி*

ப: இலக்கணப்படி நன்றாகவே கவலைப்படலாம். 'எங்க' என்றால் நானும் என்னைச் சேர்ந்தவர்களும். கேட்டுக்கொண்டிருக்கும் நீ அதில் இல்லை. ரேஷன் கார்டில் உங்கள் பெயரைச் சேர்த்துவிட்டார், தன்மைப் பன்மையில் இன்னும் சேர்க்கவில்லை. இது அவர் தெரிந்து செய்வதல்ல. இருபத்தைந்து முப்பது வருடம் வெளியாரிடம் 'எங்க வீடு' என்று சொல்லிப் பழகிய வாய். திருப்பி நீங்களும் "எங்க வீட்டுல" என்று ஆரம்பித்துப் பாருங்கள். அது எந்த ஊர் வீடு என்று அவருக்கு உடனே விளங்கும்.

நம் வழக்கில் இதற்கு நேர்மாறான விளையாட்டும் உண்டு. உங்களுக்கு ஒரு செங்கல்கூடச் சொந்தமில்லாத வீட்டுக்கு "நம்ம வீட்டுக்கு ஒருநாள் வாங்க" என்று கூப்பிடுவார்கள். மளிகைக் கடைக்காரர் "நம்ம கடையில எல்லாம் நயம் சரக்கு" என்பார். பில் போடும்போது மட்டும் கடை அவருடையதாகிவிடும். சொந்தத் தம்பியிடம் "எங்கம்மா" என்று சொல்லிப் பாருங்கள், அவன் திடுக்கிட்டு நிமிர்வான். அந்த ஒரு சொல்லில் அவனைத் தத்துக் கொடுத்துவிட்டீர்கள்.

கே: ஆங்கிலத்தில் இந்த வேறுபாடு இல்லையா?
*கல்லூரி மாணவர், கோவை*

ப: 'வி' என்று ஒரே சொல்லை வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறார்கள், பாவம். 'லெட்ஸ் கோ' என்பதில் மட்டும் கேட்பவரும் கட்டாயம் சேர்த்தி. கடத்தல்காரனிடம் "எங்களை விட்டுவிடு" என்று கெஞ்ச வேண்டுமானால் அதைச் சுருக்காமல் 'லெட் அஸ் கோ' என்று நீட்டித்தான் சொல்ல வேண்டும். அவசரத்தில் சுருக்கினால் அவனையும் சுற்றுலாவுக்கு அழைத்தது போலாகும்.

கே: இதற்கு நம் இலக்கண நூல்களில் விதி உண்டா, அல்லது நீங்களாக அளக்கிறீர்களா?
*தமிழாசிரியை, திருநெல்வேலி*

ப: ஐயம் தெளிக. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலில் இதற்கென்றே ஒரு சூத்திரம் செய்திருக்கிறார். (இந்தப் பகுதியில் பவணந்தியார் அடிக்கடி வருவார். பிடிக்காதவர்கள் ராசிபலன் பக்கத்துக்குப் போகலாம்.) அவருக்குப் பெயர்ச்சொல் மட்டும் போதவில்லை, வினைமுற்றின் வாலையே பிரித்து வைத்தார். அம், ஆம் என்று முடிந்தால் எதிரில் இருப்பவரையும் சேர்த்துக்கொள்வது: 'உண்டனம்', 'உண்டாம்' என்றால் யானும் நீயும். எம், ஏம், ஓம் என்று முடிந்தால் அங்கில்லாத ஆளைச் சேர்ப்பது: 'உண்டனெம்', 'உண்டேம்', 'உண்டோம்' என்றால் யானும் அவனும். இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக 'உண்கும்' போன்ற சில வடிவங்கள். ஆக, 'நாம்' என்று வாயைத் திறக்காமலே, வினையை வைத்தே பந்தியில் யாருக்கு இடம் என்று சொல்லிவிடலாம்.

பிறகு 'ஓம்' மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது. இன்று நாமும் வந்தோம், நாங்களும் வந்தோம். 'நாம் வந்தோம்' என்று எழுதிப் பவணந்தியாரிடம் காட்டினால் சிவப்பு மையால் சுழிப்பார். இதனால் ஒரு நஷ்டமும் உண்டு. தமிழில் எழுவாயை விட்டுவிட்டுப் பேசுவதுதான் நம் சுபாவம். அத்தை போனில் "சாயங்காலம் கோயிலுக்குப் போறோம்" என்று செய்தி அனுப்புகிறார். நீங்கள் குளித்துக் கிளம்ப வேண்டுமா, வீட்டுச் சாவி வாங்கிக்கொள்ள வேண்டுமா? வினையில் விடை இல்லை. 'போகலாம்' என்றிருந்தால் குளிக்கலாம்.

பெருமைக்கு ஒரு தகவல்: ஐரோப்பியர் இந்த வேறுபாட்டை முதன்முதலில் அச்சில் விவரித்தது 1560இல், தொமிங்கோ தெ சாந்தோ தொமாஸ் என்ற பாதிரியார் பெரு நாட்டுக் கெச்சுவா மொழிக்கு எழுதிய இலக்கணத்தில். நம்மவர் அதற்குள் விதி செய்து, உரையும் எழுதி, பாதியை மறந்தும் விட்டார்கள்.

கே: பக்கத்து வீட்டு மொழிகளில்?
*வங்கி ஊழியர், ஓசூர்*

ப: தெலுங்கில் மேமு, மனமு. மலையாளத்தில் ஞங்ஙள், நம்மள். உங்கள் ஊர் எல்லைக்கு அந்தப் பக்கம் இன்றைய கன்னடத்தில் எல்லாமே 'நாவு'தான். வேடிக்கை வடக்கே இருக்கிறது. இந்தி 'ஹம்' என்று ஒரே சொல்லோடு நிற்க, அதன் உறவுக்காரி மராத்தியோ கேட்பவரை விலக்க 'ஆம்ஹீ', சேர்க்க 'ஆபண்' என்று இரண்டு வைத்திருக்கிறது. குஜராத்தியிலும் அமே, ஆபணே உண்டு. திராவிட மொழிகளின் சகவாசம் என்கிறார்கள் மொழியியலார் பலர். 'தான்' என்ற பொருளில் இருந்த சொல்லை எடுத்து இந்த வேலைக்கு அமர்த்தியிருக்கிறார்கள்.

கே: யாழ்ப்பாணத்து நண்பர் என்னிடமே "நாங்கள் போவம்" என்கிறார். கூடப் போவதா, நிற்பதா?
*வாசகர், திருச்சி*

ப: செருப்பைப் போடுங்கள். அங்கே பேச்சில் பெரும்பாலும் 'நாங்கள்' என்பதே இரண்டுக்கும் வரும்.

கே: இப்படி ஒரு வசதி இல்லாத மொழி, புதிதாக அதைச் செய்துகொள்ள முடியுமா?
*பொறியாளர், சேலம்*

ப: இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். 19ஆம் நூற்றாண்டில் பசிபிக் தீவு மக்கள் வெள்ளைக்காரர்களின் தோட்டங்களில் வேலைக்குப் போனார்கள். முதலாளியின் ஆங்கிலத்தில் 'வி' ஒன்றுதான். இவர்கள் சொந்த மொழிகளிலோ நாம் வேறு, நாங்கள் வேறு. என்ன செய்தார்கள்? 'வி'யைத் தொடவே இல்லை. 'யூ'வையும் 'மீ'யையும் ஒட்டி 'யுமி' என்றார்கள். நீயும் நானும், அதாவது 'நாம்'. 'மீ'யோடு 'ஃபெல்லோ'வைச் சேர்த்து 'மிபெலா' என்றார்கள். நானும் என் ஆட்களும், அதாவது 'நாங்கள்'. சரக்கு எல்லாம் ஆங்கிலக் கடையில் வாங்கியது, சமையல் முழுக்கத் தங்களுடையது.

அதோடு விட்டார்களா? இன்று பப்புவா நியூ கினியின் டோக் பிசின் மொழியில் எண்ணிக்கையையும் உள்ளே நுழைத்திருக்கிறார்கள். 'யுமிதுபெலா' என்றால் நீயும் நானும் இருவர் மட்டும். 'மிதுபெலா' என்றால் நானும் இன்னொருவரும், நீ இல்லை. மூவருக்கு 'யுமித்ரிபெலா', 'மித்ரிபெலா'. சினிமா டிக்கெட் எத்தனை எடுக்க வேண்டும் என்று சொல்லிலேயே தெரிந்துவிடும். சபையின் முன் நின்று, 'மிபெலாவுக்காகத்தான் ஆண்டவர் உயிர்விட்டார்' என்று ஒரு வெளிநாட்டுப் பிரசங்கி வாய் தவறினால், மோட்சம் அவர் கோஷ்டிக்கு மட்டும். வனுவாட்டு நாட்டு தேசிய கீதத்தின் பெயரே 'யுமி, யுமி, யுமி'. 1980இல் சுதந்திரம் வாங்கிய நாடு. ஒருவரையும் வெளியே நிறுத்தக்கூடாது என்று மூன்று முறை சொல்லிவைத்தார்கள் போலும்.

கே: மேடையில் அரசியல்வாதிகள் எதைச் சொல்வார்கள்?
*டீக்கடை பெஞ்ச், மதுரை*

ப: சாதனைக்கு நாங்கள். கடனுக்கு நாம்.

கே: ஜெபத்தில் கடவுளை 'எங்கள் பிதா' என்கிறோம். 'நம் பிதா' என்றால் இன்னும் நெருக்கமாக இருக்குமே?
*வாசகி, நாகர்கோவில்*

ப: கடவுளிடமே பேசுகிறீர்கள், அம்மா. 'நம்' என்றால் அவரும் சேர்ந்துவிடுவார். அவருக்கும் ஒரு பிதா தேவைப்படும். பக்கத்தில் இருப்பவரிடம் கடவுளைப் பற்றிப் பேசும்போது 'நம் பிதா' என்பது சரி.

ஆனால் மொழிபெயர்ப்பாளருக்கு எல்லா இடமும் இவ்வளவு எளிதல்ல. படகில் புயல், இயேசு உறங்குகிறார், சீடர்கள் எழுப்பி, மூழ்கப்போகிறோமே, கவலையில்லையா என்று கதறுகிறார்கள். மூலக் கிரேக்கத்தில் சேர்ப்பதும் விலக்குவதும் கிடையாது. தமிழிலோ டோக் பிசினிலோ எழுதுபவர் அதை அப்படியே விட்டுவிட்டுப் போக முடியாது. 'நாம் மூழ்குகிறோம்' என்றால், சீடர்களின் எண்ணத்தில் அவரும் சாகக்கூடிய மனிதர். 'நாங்கள்' என்றால், அவருக்கு ஒன்றும் ஆகாது என்பது அவர்களுக்கு முன்பே தெரியும், தங்கள் உயிருக்காகத்தான் பயம். அந்த இரவில் அவர்கள் அவரை யாரென்று நினைத்தார்கள் என்பதை, மூலம் சொல்லாமல் விட்டதை, மொழிபெயர்ப்பாளர் முடிவு செய்தே தீர வேண்டும். இதில் நான் கேலி செய்ய ஒன்றுமில்லை. எந்தப் பக்கம் சாய்வது என்று என்னைக் கேட்டால் 'நாம்' என்பேன். உயிர்ப்பயத்தில் கத்துகிறவன் படகில் ஒருவரை மட்டும் கழித்துக் கணக்குப் பார்க்கமாட்டான்.

கே: 'நீங்கள்' என்பதிலும் இப்படி இரண்டு உண்டா? எதிரில் இருக்கும் நீங்கள், எதிரில் இல்லாதவரையும் சேர்த்த நீங்கள் என்று?
*வாசகர், பாண்டிச்சேரி*

ப: நியாயப்படி இருக்க வேண்டும். ஆனால் உறுதியாகச் சொல்லும்படி ஒரு மொழி அகப்படவில்லை. கல்யாணப் பத்திரிகையில் நாம் போடும் 'குடும்பத்துடன்'தான் அதற்கு மாற்று.