சுருக்கெழுத்துப் பெரியப்பா

ஞாயிற்றுக்கிழமை காலையில் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் முதலில் உதிப்பவர் பெரியப்பாதான். ஆங்கில நாளிதழின் வரன் பக்கத்தை மடியில் விரித்துப் படமெடுத்து அனுப்புவார். படத்தில் கால்வாசி அவருடைய கட்டைவிரல். மீதியில் நீலப் பேனாவால் சுழித்த ஒரு விளம்பரம். கீழே, 'படித்துப் பார்க்கவும். நல்ல இடம்.'

என் தங்கை மெக்கானிக்கல் படித்தவள். போன வாரம் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "பி.ஹெச்.பி. அனுப்பணுமாம். பெரியப்பா, பொண்ணு கேக்கறாளா, பைக் கேக்கறாளா?"

இதற்குத்தான் அவர் வாரம் முழுக்கக் காத்திருக்கிறார். தட்டச்சு செய்வதெல்லாம் அவருக்கு அவமானம், குரல் பதிவுதான். "பயோடேட்டா, ஹாரஸ்கோப், போட்டோ. மூணையும் சேர்த்து அனுப்பினாதான் பதில் வரும். ஒண்ணு குறைஞ்சா குப்பைத்தொட்டி." வரிக்கு வரி காசு வாங்குகிற பத்தி என்பதால் உயிரெழுத்தைக்கூட வெட்டிப் போடுகிறார்கள் என்று ஒரு பொருளாதார முன்னுரையும் உண்டு.

பிறகு விளம்பரத்துக்குள் இறங்கினார். 'வட., பார., உத்திராடம்-2, 29/175.' வட. என்றால் வடகலை. 29 வயது, 175 சென்டிமீட்டர். இவை அரை நிமிஷத்தில் முடிந்தன. அந்த 2 இருக்கிறதே, அதற்குத்தான் தனிப் பதிவு. "உத்திராடம்னு மட்டும் போட்டா ஏமாந்துடாதே. முதல் பாதம் தனுசு ராசி. ரெண்டு, மூணு, நாலு மகரம். பாதம் போடாதவன் ஒண்ணு சோம்பேறி, இல்லே எதையோ மறைக்கிறான். இவன் போட்டிருக்கான். யோக்கியமான குடும்பம்." ஒரே ஓர் எண்ணிலிருந்து ஒரு குடும்பத்தின் நாணயத்தை எடைபோட்டுச் சொன்னார். அடுத்த பதிவில் அந்தப் பையனின் அப்பா அரசு உத்தியோகத்தில் இருந்திருப்பார் என்றும் சொன்னார். அது எந்த எழுத்திலிருந்து வந்தது என்று எங்களுக்குப் பிடிபடவில்லை.

அடுத்தது 'நான்-பார.' "பையன் பாரத்வாஜ கோத்திரம். அதனால அதே கோத்திரத்துப் பொண்ணு வேண்டாங்கறான். சகோத்திரத்துல பண்ணக் கூடாதோன்னோ?"

"பெரியப்பா, நாமளும் பாரத்வாஜம்தானே?"

"ஆமாம். நமக்கு இது ஆகாது."

"அப்புறம் ஏன் அனுப்பினேள்?"

"என்ன அழகா போட்டிருக்கான் பாரு! நாலே வரிதான். ஒரு எழுத்து வீணில்லை."

மனுஷனைக் கோபித்துக்கொள்ள முடியவில்லை. அவருக்கு வரன் ஒரு சாக்கு. மற்றவர்கள் ஞாயிறன்று குறுக்கெழுத்துப் போடுவதுபோல் இவர் இதைப் போடுகிறார். 'சப்செக்ட் நோ பார்' என்பதைத் தாராள மனசு என்று தங்கை நினைத்துவிடக் கூடாதே என்று ஒரு பதிவு: தென்கலையும் சம்மதம் என்கிறார்களே தவிர, ஜாதியைத் தாண்டவில்லையாம். அதைத் தாண்டுகிறவன் 'சி.என்.பி.' என்று போடுவானாம். 'இன்னோ. டைவ்.' என்ற வேறொரு விளம்பரத்தைக் காட்டி, குற்றமற்ற விவாகரத்து என்று விளக்கினார். யார் விசாரித்துத் தீர்ப்பு எழுதினார்கள் என்று நான் கேட்டதற்குப் பதில் இல்லை.

ஆனால் ஓரிடத்தில் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. பெண் வீட்டார் போட்ட விளம்பரத்தில் 'மூலம்' என்று கண்டால் பெரியப்பா பேனாவை எடுத்து அதை அடித்துவிடுவார். மூலம் மாமனாருக்கு ஆகாது, ஆயில்யம் மாமியாருக்கு ஆகாது, கேட்டை மூத்த மைத்துனருக்கு, விசாகம் இளையவருக்கு என்று தங்கைக்கு வாய்ப்பாடு போல ஒப்பித்தார். எல்லாம் பெண்ணின் நட்சத்திரத்துக்கு மட்டும். பையன் மூலமாக இருந்தால் யாருக்கும் ஒன்றும் ஆகாதாம். காசு கொடுத்து உண்மையைப் போட்ட ஒரு தகப்பனாரை ஒரே கோட்டில் அடிப்பது அநியாயம். பாதம் போட்டவன் யோக்கியன் என்றால் மூலம் போட்டவன் யார்? குழுவிலேயே கேட்டேன். பார்த்ததற்கு அடையாளமாக இரண்டு நீலக் குறிகள் வந்தன, பதில் வரவில்லை.

தங்கை பேச்சை மாற்றினாள். "பி.க்யூ.எம்.னா என்ன?"

உடனே குரல் தெளிந்தது. "தொழில் படிப்பு படிச்ச பொண்ணு வேணும். உன்னை மாதிரி. பக்கத்துலயே 'ஹோம்லி'ன்னும் போட்டிருக்கான் பாரு. ஆபீசுக்கும் போகணும், வந்து சமைக்கவும் சமைக்கணும்."

"சரி. பையனுக்குச் சமைக்கத் தெரியும்ங்கறதுக்கு என்ன சுருக்கம்?"

கொஞ்ச நேரம் குழுவில் சத்தமே இல்லை. பழைய பேப்பர் கட்டையெல்லாம் புரட்டியிருக்கிறார் என்று பெரியம்மா பிறகு சொன்னாள். கடைசியில் வந்தது பதிவு, பதினோரு விநாடிதான்.

"அதுக்குச் சுருக்கம் கிடையாதும்மா. யாரும் போட்டுப் பார்த்ததில்லை. போடணும்னா முழுசா போடணும். ஒரு வரி கூட ஆகும்."