சங்கிலிக்கு எவ்வளவு வரி?

கேள்வி: துபாயில் இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு ஹிஞ்சேவாடிக்குத் திரும்புகிறேன். தங்கை கல்யாணத்துக்கு 60 கிராமில் தங்கச் சங்கிலி வாங்கியிருக்கிறேன். வரி எவ்வளவு வரும்?

பதில்: ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் இருந்த ஆணுக்கு 20 கிராம் நகை இலவசம், பெண்ணுக்கு 40. கழுத்து தங்கையுடையது என்றாலும் பயணி நீங்கள்தான், உங்களுக்கு 20. மீதி 40 கிராமுக்கு வரி. ஆறு மாதத்துக்கு மேல் தங்கியவர்களுக்கான சலுகை விகிதம் 2024 ஜூலையில் 6 சதவீதமாகக் குறைந்தது. சுங்கத்துறை கிராமுக்கு 10,000 ரூபாய் என மதிப்பிட்டால், 24,000 ரூபாய். அதை அந்நியச் செலாவணியில் கட்ட வேண்டும், ஆகவே திர்ஹாம் முழுவதையும் செலவழித்துவிடாதீர்கள். கல் பதித்த நகைக்கு இந்தச் சலுகை கிடையாது. ரசீதோடு சிவப்பு வழியில் போங்கள். பச்சை வழியில் பிடிபட்டால் சங்கிலி பறிமுதலாகும், அபராதமும் விழும். முகூர்த்தத்துக்குத் தங்கை வருவாள், சங்கிலி வராது.