தாத்தாவுக்கு சைன் தீட்டா

மாட்டுவண்டித் தாத்தா ஒருவர் மேட்டின் நடுவில் வண்டியை நிறுத்துகிறார். நெற்றி வியர்வையைத் துண்டால் துடைத்துக்கொண்டு, "ஏன்டா பேராண்டி, சமதளத்துல நல்லாப் போற மாடு மேடு வந்தா மட்டும் ஏன் இப்படி முக்குது?" என்று கேட்கிறார். விடுமுறைக்கு வந்திருக்கும் பேரன் ஒரு குச்சியை எடுத்து மண்ணில் முக்கோணம் போடுகிறான். எடையை இரண்டு கூறாகப் பிரிக்கிறான். சரிவுக்குச் செங்குத்தாக mg cos θ, சரிவோடு கீழ்நோக்கி mg sin θ. தாத்தா கண்ணில் நீர் பனிக்கிறது. இது அண்மையில் அச்சில் வந்த சிறுகதை. எங்கே வந்தது என்று சொல்லப்போவதில்லை. உங்களுக்கும் இதே கதை வேறு தாத்தா, வேறு பேரனோடு வாய்த்திருக்கும். பேரன் சொன்னது சரி. ஆனாலும் அந்தப் பதிலுக்கும் அந்த மேட்டுக்கும் அந்த மாட்டுக்கும் சம்பந்தம் குறைவு என்பது என் கட்சி. கதையின் முடிவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் பேரன் மண்ணில் போட்ட படத்தைப் பாருங்கள். கதையோடு ஓவியமும் இருக்கிறது. அதில் சரிவு 30 பாகை. பாடப்புத்தகச் சரிவுகள் எல்லாமே 30 பாகைதான், ஏனென்றால் சைன் 30 என்பது கச்சிதமாக அரை. வண்டியும் சுமையும் சேர்ந்து 1,000 கிலோ என்று வைத்துக்கொண்டால், அந்தச் சரிவில் அது கீழே இழுக்கும் இழுப்பு 500 கிலோ. (நியூட்டனில் வேண்டுமென்பவர்கள் சுமார் பத்தால் பெருக்கிக்கொள்ளலாம், மாட்டுக்கு எதுவானாலும் ஒன்றுதான்.) வேலைக்குப் பழகிய மாடு நாள் முழுக்கச் சலிக்காமல் இழுக்கக்கூடியது தன் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. ஜோடி 800 கிலோ என்றால் 80 கிலோ. ஆக, ஓவியத்தில் இருக்கும் மேட்டில் அந்த வண்டி ஏறவே ஏறாது. மாடு முக்காது, படுத்துக்கொள்ளும். நிஜ வண்டிப்பாதையின் மேடு எப்படி இருக்கும் என்று தெரிய நம் நாட்டுச் சாலை விதிகளைப் பார்த்தால் போதும். சமவெளிச் சாலைக்கு வழக்கமான சரிவு 30-க்கு 1. சற்று விட்டுக்கொடுத்தால் 20-க்கு 1. இந்த 20-க்கு 1 என்பது 3 பாகைகூட முழுசாக இல்லை. படத்தில் வரைந்தால் கோடு கோணலாகிவிட்டது என்று ஆசிரியர் திருத்தி வாங்குவார். இந்தச் சரிவில் பேரன் பெருமையாகப் பிரித்துக்காட்டிய கொசைன் கூறு 1,000 கிலோவில் சுமார் ஒன்றேகால் கிலோவைத்தான் குறைக்கிறது. வண்டியில் ஒரு தண்ணீர்ச் சொம்பு கூடினாலோ குறைந்தாலோ ஏற்படும் வித்தியாசம். அதற்கு ஒரு பத்தி!

இப்போது 20-க்கு 1 மேட்டில் உண்மையான கணக்கைப் போடுவோம். தார்ச்சாலையில் இரும்புப் பட்டா போட்ட சக்கரம் உருள்வதற்கே எடையில் நூற்றுக்கு இரண்டு, மூன்று பங்கு தடை உண்டு; 25 கிலோ என்று வைப்போம். சமதளத்தில் மாட்டுக்கு இதுதான் மொத்த வேலை, அதனால் அது அசைபோட்டபடி நடக்கும். மேடு வந்ததும் வண்டியின் சைன் கூறு 50 கிலோ சேர்கிறது. ஆக 75. ஜோடியால் முடிந்தது 80. "பார்த்தீர்களா, இழுத்துவிடும்" என்று பேரன் குச்சியைக் கீழே போட்டிருப்பான். ஆனால் மாடு திணறுகிறது. ஏன்? மாட்டுக்கும் உடம்பு இருக்கிறதே! வண்டியை மேலே ஏற்றும் மாடு தன்னையும்தான் ஏற்றிக்கொள்கிறது. 800 கிலோ ஜோடிக்கு அதே 20-ல் ஒரு பங்கு, 40 கிலோ. 75-ம் 40-ம் 115. அங்கேதான் நாக்கு தள்ளுகிறது. பேரன் எடையைக் கூறு போட்டான், சரி. வண்டியை மட்டும் போட்டான். இழுக்கிற பிராணியை அவன் ஒரு அம்புக்குறியாகவே பார்த்துவிட்டான்.

இதைத் தாத்தா அறியாதவரா? கமலைக் கிணறு இறைத்த எந்தக் குடியானவருக்கும் இது தெரியும். கமலையில் மாடு நடக்கும் பாதையைச் சமமாகவா வெட்டினார்கள்? கிணற்றிலிருந்து விலகிப் போகப்போகக் கீழே இறங்கும்படி சரிவாக வெட்டினார்கள். சால் நிரம்பி மேலே வரும்போது மாடு இறக்கத்தில் நடக்கும்; அதன் உடம்பே கயிற்றை இழுக்கும். சரிவு 5-க்கு 1 என்று வைத்துக்கொண்டால் 800 கிலோ ஜோடி தன் எடையிலேயே 150 கிலோவுக்கு மேல் இலவசமாகத் தருகிறது. காலிச் சாலோடு திரும்பும்போது மாடு அந்த மேட்டை ஏறும், சுமையில்லாமல். பேரன் மறந்த கூறைத் தாத்தாவின் தாத்தா மண்வெட்டியால் வெட்டி வைத்திருக்கிறார். அந்த வம்சத்தில் வந்தவர் நாற்பது வருஷம் வண்டி ஓட்டிவிட்டு, ஒரு செவ்வாய்க்கிழமை திடீரென்று மேட்டைப் பார்த்து வியக்கிறாராம். நம் கதைகளில் தாத்தாக்கள் வியப்பதற்கென்றே வளர்க்கப்படுகிறார்கள். மீன்காரத் தாத்தா கட்டுமரம் ஏன் மிதக்கிறது என்று வியக்கிறார். கொல்லுப்பட்டறைத் தாத்தா இரும்பு ஏன் சிவக்கிறது என்று வியக்கிறார். குயவர் தாத்தா சக்கரம் ஏன் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்று வியக்கிறார். வாழ்நாளெல்லாம் செய்த தொழில் இவர்களுக்கு ஒன்றுமே சொல்லித்தரவில்லை. எல்லாருக்கும் எட்டாம் வகுப்பில் ஒரு பேரன். ஒரு கதையிலாவது பேரன் வியந்து தாத்தா சொல்லக்கூடாதா? பாட்டி? பாட்டிக்கு வியக்கவே அனுமதியில்லை, அவள் மோர் கொண்டுவருகிறாள்.

வண்டிக்காரரின் மேட்டுக் கவலையே வேறு. அவர் பேச்சில் இரண்டு சொற்கள்தான் திரும்பத் திரும்ப வரும்: முன்பாரம், பின்பாரம். இரண்டு சக்கர வண்டி அச்சின் மேல் நிற்கும் தராசு. பாரம் அச்சுக்குக் கொஞ்சம் முன்னால் இருந்தால்தான் நுகத்தடி மாட்டின் கழுத்தில் படியும். அச்சிலிருந்து நுகம் 3 மீட்டர், பாரத்தின் மையம் அச்சுக்கு 12 சென்டிமீட்டர் முன்னால் என்றால், 1,000 கிலோ வண்டி கழுத்தில் 40 கிலோவை வைக்கும். இப்போது வைக்கோல் போர் போல உயரமான சுமை. மையம் அச்சுக்கு ஒன்றரை மீட்டர் மேலே. 20-க்கு 1 மேட்டில் வண்டி சாய்ந்ததும் அந்த மையம் ஏழரை சென்டிமீட்டர் பின்னுக்கு நகர்கிறது. 12-ல் மிச்சம் நாலரை. கழுத்தில் 40 கிலோ 15 ஆகிறது. மாடு இழுக்கும்வரை அந்த இழுப்பு நுகத்தைக் கொஞ்சம் அழுத்திக்கொடுக்கும். நின்றதோ, அதுவும் போச்சு. மேடு 10-க்கு 1 என்றால் மையம் அச்சைத் தாண்டிப் பின்னால் போய்விடும், நுகம் கழுத்தைவிட்டு மேலே எழும்பும், பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையைப் பிடிக்கும். வண்டி அண்ணாந்துவிட்டது என்பார்கள். அதனால்தான் மேட்டில் வண்டிக்காரர் பின்னாலிருந்து எழுந்து ஏர்க்கால் பக்கம் வந்து குந்துகிறார். அவர் உடம்பு ஒரு 60 கிலோ. அச்சுக்குப் பின்னால் ஒரு மீட்டரிலிருந்து முன்னால் ஒரு மீட்டருக்கு அவர் நகர்ந்தாலே நுகத்தில் 40 கிலோ திரும்ப வந்துவிடும். சைன் கூறு இதனால் ஒரு கிலோகூடக் குறையவில்லை. மாடு மட்டும் மூச்சு விடுகிறது.

குழந்தைகளுக்கான கதையில் இவ்வளவு எதற்கு, எளிமைப்படுத்தித்தானே ஆகவேண்டும் என்று கேட்பீர்கள். எளிமைப்படுத்தலாம். ஆனால் சின்னதை விட வேண்டும், பெரியதை வைத்துக்கொள்ள வேண்டும். ஒன்றேகால் கிலோ கொசைனை வைத்துக்கொண்டு 40 கிலோ மாட்டை விட்டுவிடுவது எந்த ஊர் எளிமை? இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு: தாத்தாவுக்கு எப்படி என்று தெரியும், ஏன் என்று தெரியாது, பேரன் ஏன் என்பதைச் சொன்னான். இதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். சரிவில் எவ்வளவு விசை வேண்டும் என்ற கேள்வி சாமானியமானதல்ல. அலெக்சாந்திரியாவின் பாப்பஸ், நான்காம் நூற்றாண்டில், சமதளத்தில் இழுக்க வேண்டிய விசையிலிருந்து தொடங்கி விடையைத் தப்பாகப் போட்டார். பதின்மூன்றாம் நூற்றாண்டில்தான் ஐரோப்பாவில் சரியான விடை எழுதப்பட்டது. 1586-ல் சைமன் ஸ்டெவின் சரிவின் மேல் குண்டுகள் கோத்த மாலை ஒன்றைப் போடுவதாகக் கற்பனை செய்து அதை அழகாக நிறுவினார். அவர் கூறு பிரிக்கும் படத்திலிருந்து தொடங்கவில்லை. மாலை தானாகச் சுற்றிக்கொண்டே இருக்க முடியாது என்பதை வைத்தே வாதிட்டார். கூறு பிரிப்பது கணக்கு எழுதும் முறை, காரணம் அல்ல. காரணம் இன்னும் சின்னது: 20 மீட்டர் நடந்தால் ஒரு டன்னை ஒரு மீட்டர் தூக்கியாகிறது. தூக்குவது கஷ்டம். நெல் மூட்டை சுமந்தவரிடம் இதை முக்கோணம் போட்டுச் சொல்ல வேண்டியதில்லை. அவர் மேட்டில் வண்டியைக் குறுக்கும் நெடுக்குமாக வளைத்து ஓட்டுகிறாரே, அதே காரணத்தால்தான். 45 பாகை குறுக்கே போனால் தூரம் நூற்றுக்கு 41 கூடும், சரிவின் இழுப்பு நூற்றுக்கு 29 குறையும்.

மேடுதான் கஷ்டம் என்பதே பாதி உண்மை. அதே வண்டியைக் காய்ந்த ஆற்றுமணலில் இறக்கினால், துளி சரிவில்லாமலே இழுப்பு 100 கிலோவைத் தாண்டிவிடும். அங்கே சைன் தீட்டா சுத்தமாக சைபர். அந்தத் தாத்தா ஆற்றில் இறங்கி வியந்திருந்தால் பேரன் என்ன செய்திருப்பான் என்று பார்க்க எனக்கு ஆசை. நானே மேட்டில் சைக்கிளைவிட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போகிற ஆள், அதனால் இந்த ஆசையில் கொஞ்சம் வன்மமும் இருக்கலாம்.

கதையின் முடிவைப் பற்றிச் சொல்ல வந்தது நீண்டுவிட்டது. அதை விட்டுவிட்டு ஆரம்பத்தையே இன்னொரு தடவை பாருங்கள். எந்த வண்டிக்காரரும் மேட்டின் நடுவில் வண்டியை நிறுத்தமாட்டார். நின்ற வண்டியைக் கிளப்ப, ஓடுகிற வண்டியைவிட அதிக இழுப்பு வேண்டும், அதுவும் மேட்டில். தவிர்க்க முடியாமல் நின்றால் கூட வரும் பையன் குதித்து இறங்கிச் சக்கரத்துக்குப் பின்னால் கல் வைப்பான். இல்லாவிட்டால் 50 கிலோ பின்னிழுப்பில் உருளும் தடை பாதியைத் தாங்கும், மீதி 25 கிலோவை மாடுகள் நின்றபடி கழுத்தால் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். பேரன் இரண்டு பக்கத்துக்கு விளக்குகிறான். இரண்டு பக்கத்திலும் தேடிப் பார்த்தேன். யாரும் கல் வைக்கவில்லை.