முதல் டிகாக்ஷன் மாமா

எந்த அடுக்ககத்தை எடுத்துக்கொண்டாலும் அதில் ஒரு முதல் டிகாக்ஷன் மாமா இருப்பார். எங்கள் மாம்பலம் குடியிருப்பில் அவருக்கு இரண்டாவது மாடி. வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். ஆனால் காப்பியில் இருந்து இன்னும் ஓய்வு பெறவில்லை.

கொட்டையை எத்தனை நிமிடம் வறுக்க வேண்டும், எந்தக் கடையில் எந்த ஆள் அரைத்தால் பதம் சரியாக வரும், ஃபில்டரில் பொடியைக் குடையால் எவ்வளவு அழுத்த வேண்டும் என்று எல்லாம் அத்துப்படி. "சிக்கரி இருபது பர்சென்ட்டைத் தாண்டினா அது காப்பி இல்ல சார், கஷாயம்" என்பார். நான் இன்ஸ்டன்ட் குடிக்கிறவன் என்று தெரிந்த நாளில், துக்கம் விசாரிக்க வந்தவர் போல என் தோளைத் தொட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் மாடியேறிப் போனார்.

ஆனால் அவருடைய காப்பி ஞானம் எல்லாம் தொண்டையோடு சரி. தம்ளர் காலியானதும் ஃபில்டரின் மேல் பாத்திரத்தை சிங்க்கில் கவிழ்ப்பார். டக், டக், டக் என்று மூன்று தட்டு. பிறகு குழாயைத் திறந்துவிடுவார். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை. மாமி ஏதாவது சொன்னால், "பொடிதானேடி, தண்ணியோட போயிடும். போற வழியில குழாயைத் தேச்சும் விடும்" என்று ஒரு விஞ்ஞானமும் கைவசம் வைத்திருந்தார்.

அது போய்ச் சேர்ந்த இடம் என் வீடு. எனக்குத் தரைத்தளம்.

முதலில் என் சிங்க்கில் தண்ணீர் யோசித்து யோசித்து இறங்கியது. அடுத்த வாரம் "களக் களக்" என்று தொண்டையைக் கனைத்தது. மூன்றாவது வாரம், ஒரு நாள் காலை ஐந்தே முக்காலுக்கு, நான் குழாயைத் தொடாமலேயே சிங்க்கின் ஓட்டை வழியாகப் பழுப்புத் தண்ணீர் மேலே வந்தது. கடையில் விற்கும் அடைப்பு நீக்கும் பொடியை இரண்டு பொட்டலம் கொட்டினேன். கொஞ்சம் புகைந்தது, நாறியது, அவ்வளவுதான்.

பிளம்பர் வந்ததும் அதைச் சொன்னேன். அவர் கையை உதறிக்கொண்டு நாலடி தள்ளி நின்றார். "ஏன் சார், கை வெந்துடாதா? அந்தப் பொடி எண்ணெயக் கரைக்கும், முடியக் கரைக்கும். இது வேற சமாச்சாரம்னா ஒண்ணும் பண்ணாது" என்றார். கையுறை மாட்டிக்கொண்டு பின்புறம் போனார். மாடியில் இருந்து நேராக இறங்கும் கழிவுக் குழாய், தரைக்கு வந்ததும் வளைந்து படுக்கையாக ஓடும். அந்த வளைவில் இருக்கும் டோர் பெண்டைத் திறந்து உள்ளே கம்பியை விட்டுக் குடைந்தார். வாளியில் கறுப்பாக, களிமண் போல, ஒரு பெரிய உருண்டை வந்து விழுந்தது.

சங்கத்துக் கூட்டம் அங்கேயே கூடிவிட்டது. முதல் மாடிக்காரர் கோலப்பொடி என்றார். பக்கத்து வீட்டம்மா சாக்கடை மண் என்றார். சத்தம் கேட்டு மாமாவும் இறங்கி வந்தார். வாளியைக் குனிந்து பார்த்தவரின் முகத்தில் சட்டென்று ஒரு நிபுணர் தோன்றினார். பிளம்பரின் கையுறை விரலில் ஒட்டியிருந்ததைக் கண்ணாடி வழியாக உற்றுப் பார்த்து, "மண்ணாவது கோலமாவது! இது காப்பிச் சக்கை. நைஸ் அரைப்பு கூட இல்ல, நயமான ஃபில்டர் அரைப்பு. இந்தப் பதம் தெரிஞ்சு வாங்கறவன் இந்த பில்டிங்ல..." என்றார்.

அந்த வாக்கியம் முடியவே இல்லை. மற்ற ஐந்து வீட்டிலும் இன்ஸ்டன்ட்தான். இன்ஸ்டன்ட் முழுக்கக் கரைந்துவிடும். சக்கை என்று ஒன்று அதில் கிடையாது. அவர் இத்தனை நாள் இகழ்ந்த எங்கள் காப்பிதான் எங்களுக்குச் சாட்சி சொன்னது.

மாமா லேசில் விடவில்லை. "என் சிங்க் ஜோரா போறதே!" என்று வாதாடினார். பிளம்பர் சிரித்தார். "உங்களுக்கு நேரா இறங்குது, போகத்தான் செய்யும். கீழ படுத்த பைப்புல தண்ணி வேகம் குறையுதில்ல, அங்கதான் உக்காந்துக்கும்" என்று சொல்லிவிட்டு ஒரு கண்ணாடித் தம்ளர் கேட்டார். அதில் தண்ணீர் ஊற்றி, மாமா வீட்டுச் சக்கையில் ஒரு ஸ்பூன் போட்டுக் கலக்கினார். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே துகள் அத்தனையும் அடியில் தங்கியது. தண்ணீரை மெதுவாகச் சாய்த்தால் தண்ணீர் மட்டும் போனது, சக்கை அசையவில்லை. பிறகு விரலில் கொஞ்சம் நெய் தடவி அதன் மேல் சக்கையைத் தூவினார். தட்டினார், ஊதினார். விழவில்லை. "பைப்புக்குள்ள இதான் சார். மொதல்ல எண்ணெய்ப் பிசுக்கு, அது மேல இது, இது மேல சோத்துப் பருக்கை."

அன்று இரவு மாமா கணக்குப் போட்டாராம். ஒரு நாளைக்கு 60 கிராம் பொடி. டிகாக்ஷனில் கரைந்தது போக, காய்ந்த சக்கையாகப் பார்த்தாலே 40 கிராம் தேறும். வருஷத்துக்கு 14 கிலோவுக்கு மேல். பெரும்பகுதி ஓடித்தான் போயிருக்கும். மிச்சம்தான் என் வீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது.

மறுநாளில் இருந்து மாமா வீட்டில் புதுச் சடங்கு. ஃபில்டரை உடனே கழுவுவதில்லை. சக்கையில் உள்ள ஈரம் முழுக்க வடியும்படி சாயங்காலம் வரை விட்டுவைப்பார். அதற்குள் அது இறுகி அடையாகிவிடும். பழைய செய்தித்தாளை விரித்து ஒரே தட்டு. முழு வட்டமாக விழும். ஓரத்தில் ஒட்டியதை அதே தாளால் துடைத்து எடுப்பார். கடைசியாகக் கொஞ்சம் தண்ணீர் விட்டு அலசி, அதையும் டீ வடிகட்டி வழியாகத்தான் ஊற்றுவார். சக்கை பச்சைத் தொட்டிக்குப் போகும், மக்கும் குப்பையோடு.

பாதியை மொட்டைமாடிக்குக் கொண்டுபோனார். அங்கேயும் முதலில் அவசரம்தான். மல்லிகைத் தொட்டியில் ஒரு அங்குலத்துக்குக் கொட்டிவிட்டார். நாலு நாளில் அது ஏடு கட்டி, ஊற்றிய தண்ணீர் மண்ணுக்குள் இறங்காமல் மேலேயே நின்றது. வெள்ளைப் பூஞ்சையும் பூத்தது. இப்போது ஒரு பங்கு சக்கைக்கு மூன்று பங்கு காய்ந்த சருகு சேர்த்து, ஓட்டை போட்ட வாளியில் மக்க வைக்கிறார். பச்சைச் சக்கையை நாற்றுக்குப் போடக் கூடாது, முளைப்பைக் கெடுக்கும் என்று எனக்கே பாடம் எடுக்கிறார். பால் கலந்த மிச்சக் காப்பியைச் செடிக்கு ஊற்றப் போன முதல் மாடிக்காரரைப் படிக்கட்டிலேயே மடக்கி, "நாறும், எறும்பு வரும்" என்று திருப்பி அனுப்பினார்.

போன வாரம் என் ரோஜாச் செடிக்குக் கொஞ்சம் எரு கேட்டு மாடியேறினேன். இன்ஸ்டன்ட் குடிக்கிறவன் வேறு எங்கே போவது? மாமா வாளிகளின் முன்னால் நின்று என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தரேன் சார். எது வேணும், முதல் டிகாக்ஷன் சக்கையா, ரெண்டாம் டிகாக்ஷன் சக்கையா?"