எட்டாவது புள்ளி

1986-ல் கோயம்புத்தூரில் பம்ப் உதிரிகள் வார்க்கும் ஒரு ஃபவுண்டரியில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் சேர்ந்தேன். முதல் நாள் எனக்குக் கொடுத்த கருவிகள் நான்கு: ஒரு சிறு சுத்தியல், ஒரு சாக்பீஸ், ஒரு டார்ச் லைட், நூலில் கட்டிச் சுவரில் தொங்கவிட்ட ஒரு பென்சில். பென்சிலுக்கு மேலே பிளைவுட் பலகையில் கிராஃப் தாள் ஒட்டியிருந்தது. ஒவ்வொரு ஷிப்ட் முடிவிலும் அன்று கண்ட குறைகளை எண்ணி அதில் ஒரு புள்ளி வைத்து, முந்தைய புள்ளியோடு கோடு இழுத்துச் சேர்க்க வேண்டும். அவ்வளவுதான் வேலை என்று நினைத்தேன்.

ஒரு ஷிப்டுக்கு 300 பம்ப் பாடி வரும். மண் விழுந்த இடம், காற்றுக் குமிழ் நின்ற ஓட்டை, இரும்பு ஒட்டாமல் மடிந்த கோடு என்று கண்ணில் படும் எல்லாவற்றையும் எண்ணுவோம். ஒரே காஸ்டிங்கில் இரண்டு ப்ளோ ஹோல் இருந்தால் இரண்டு என்றுதான் கணக்கு. தாளில் மூன்று நேர்கோடுகள் முன்பே வரையப்பட்டிருந்தன. முதல் 25 ஷிப்டில் மொத்தம் 225 குறை. ஆகவே சராசரி 9, அது நடுக்கோடு. குறைகளின் எண்ணிக்கையில் ஏற்ற இறக்கம் ஏறக்குறைய சராசரியின் வர்க்கமூலம் அளவுக்கு இருக்கும். 9-க்கு அது 3. அதை மும்மடங்காக்கி நடுவோடு கூட்டினால் 18, அது மேல் எல்லை. கழித்தால் பூஜ்யம், அது கீழ் எல்லை.

இந்தக் கணக்கை எங்களுக்குப் புரியவைத்தவர் கல்கத்தாவில் புள்ளியியல் தரக்கட்டுப்பாடு படித்துவிட்டு வந்த எங்கள் அதிகாரி. அமெரிக்காவில் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் வேலை பார்த்த வால்டர் ஷூஹார்ட் 1924 மே 16-ஆம் தேதி ஒரு சிறு குறிப்பில் இந்தப் படத்தின் முதல் வடிவத்தை வரைந்து மேலதிகாரிக்கு அனுப்பினார் என்றும், புள்ளியியலாளர் மகாலனோபிஸ் அழைத்து அவர் 1947-48-ல் இந்தியாவுக்கே வந்து போனார் என்றும் சொல்வார். அதைவிட அதிகாரி அடிக்கடி சொன்னது வேறொன்று: “புள்ளி 18-க்குள்ள இருக்கற வரைக்கும் மண் மில்லைத் தொடாதீங்க. நேத்து 6, இன்னிக்கு 13 வந்தா யாரையும் திட்டாதீங்க. அது இந்த ஃபவுண்டரியோட மூச்சு.”

சும்மா சொல்லவில்லை. எல்லாம் சரியாக ஓடும்போதும் புள்ளி 18-ஐத் தாண்டுவது சுமார் 400 ஷிப்டுக்கு ஒருமுறை நடக்கும். மூன்று ஷிப்ட் ஓடும் இடத்தில் அது நாலரை மாதத்துக்கு ஒரு பொய் எச்சரிக்கை. எல்லையை இறுக்கி 15-ல் வைத்தால் பதினைந்து நாளைக்கு ஒருமுறை காரணமே இல்லாமல் மணி அடிக்கும். மண்ணில் குற்றமில்லாத நாளில் மேஸ்திரி தண்ணீரைக் கூட்டுவார், அடுத்த நாள் குறைப்பார், அந்தக் கைவைப்பாலேயே குறை பெருகும்.

ஆனால் 18 என்ற கோட்டுக்கு ஒரு பலவீனம் உண்டு. சராசரி 9-லிருந்து 12-க்கு நகர்ந்துவிட்டது என்று வையுங்கள். மூன்றில் ஒரு பங்கு கூடுதல் நஷ்டம், ஆனாலும் ஒரு புள்ளி 18-ஐத் தாண்டச் சராசரியாக 27 ஷிப்ட் பிடிக்கும். ஒன்பது நாள். அதற்குத்தான் இரண்டாவது விதி: நடுக்கோட்டுக்கு ஒரே பக்கத்தில் தொடர்ந்து எட்டுப் புள்ளி விழுந்தால், ஒன்றுகூட எல்லையைத் தொடாவிட்டாலும், நிறுத்திப் பார். வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் 1956-ல் வெளியிட்ட கையேட்டிலேயே இருக்கும் விதி. நாணயம் எட்டு முறையும் தலையாகவே விழ 256-ல் ஒரு வாய்ப்புதான். இரண்டு விதியையும் சேர்த்துப் பார்த்தால் நகர்வு முன்னதாகவே அகப்படும்.

அந்தக் கோடையில் அது நடந்தது. 11, 12, 10, 13, 11, 14, 10. ஏழு புள்ளியும் நடுக்கோட்டுக்கு மேலே. எதுவும் பயமுறுத்தும் எண் இல்லை. ரிஜெக்‌ஷன் புத்தகத்தைப் புரட்டிய மேனேஜருக்கு எதுவும் தெரியவில்லை. எட்டாவது நான் வைத்த புள்ளி, 12. இரவு ஷிப்ட் முடிந்த விடிகாலை. பென்சிலை விட்டுவிட்டு மோல்டிங் பக்கம் ஓடினேன்.

மண் மில் மேஸ்திரி என்னைப் பார்த்து, “என்னங்க தம்பி, பதினெட்டுத் தாண்டிப் போச்சுங்களா?” என்றார்.

“இல்லீங்கண்ணா. எட்டும் மேலயே நிக்குதுங்க.”

அவர் சிரிக்கவில்லை. கன்வேயரிலிருந்து ஒரு கைப்பிடி மண் எடுத்து இறுக்கிப் பிடித்தார். விரித்தபோது விரல் தடம் பதிந்திருந்தது, ஆனால் விளிம்பு மழுங்கலாக இருந்தது. இரண்டு கட்டைவிரலாலும் நடுவில் உடைத்தார். நல்ல மண் கூர்மையான விளிம்போடு இரண்டு துண்டாக உடையும். இது உதிர்ந்தது. உள்ளங்கையில் பட்டாணி அளவு பென்டோனைட் கட்டி ஒன்று கலக்காமல் அப்படியே வெளுப்பாகக் கிடந்தது.

மில்லை நிறுத்தி உள்ளே இறங்கினோம். மண்ணைப் புரட்டி உருளைக்கு அடியில் தள்ளும் கலப்பைத் தகடு தேய்ந்திருந்தது. அடித்தட்டுக்கும் அதற்கும் இடையே ஒரு விரல் நுழைந்தது. கீழே இறுகிய மண் ஒரு படலமாக ஒட்டிக்கொண்டு சுற்றாமலே கிடந்தது. தகடு ஒரே நாளில் தேய்வதில்லை. அதனால்தான் எந்த ஷிப்டும் கெட்ட ஷிப்டாகத் தெரியவில்லை, எட்டு ஷிப்டும் கொஞ்சம் கெட்டிருந்தன. மத்தியானத்துக்குள் புதுத் தகடு போட்டோம். அடுத்த ஷிப்ட் புள்ளி 8, அதற்கடுத்து 10, 7.

அந்தப் பலகை கீழ்ப்பக்கமும் பேசும். ஒருமுறை எட்டுப் புள்ளி தொடர்ந்து 9-க்குக் கீழே வந்தது. எல்லோருக்கும் சந்தோஷம், அதிகாரிக்கு மட்டும் இல்லை. கீழ் எல்லை பூஜ்யம் என்பதால் அந்தப் பக்கம் எல்லை தாண்ட வழியே கிடையாது, இந்த எட்டு விதி ஒன்றுதான் காவல். போய்ப் பார்த்தால் சோதனை மேஜைக்கு மேலிருந்த இரண்டு ட்யூப் லைட்டில் ஒன்று எரியவில்லை. குறை குறையவில்லை, பார்வைதான் குறைந்திருந்தது.

எங்களிடம் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். மின்வெட்டில் பாதி ஷிப்ட் மட்டும் ஓடும் நாளில் 150 காஸ்டிங்தான் வரும். அன்று 12 குறை என்றால் தாளில் அது 18-க்குள் அமைதியாக உட்கார்ந்திருக்கும். உண்மையில் 150-க்கு எதிர்பார்ப்பது 4.5, அதன் மேல் எல்லை 11-க்கும் சற்றுக் கீழே. அந்த 12 கூச்சல் போட வேண்டிய புள்ளி. அந்தக் கணக்கை ஒவ்வொரு முறையும் கையால் போட நேரமிருக்காது, பல நாள் விட்டுவிட்டோம்.

இப்போது அந்தக் கணக்கைக் கணினி கண் இமைக்கும் நேரத்தில் போடுகிறது. சில வருடங்களுக்கு முன் என் தங்கை மகன் வேலை பார்க்கும் ஃபவுண்டரிக்குப் போனேன். சுவரில் பெரிய திரை. ஷிப்டுக்கு எத்தனை வார்த்தார்களோ அதற்கேற்ப எல்லை தானே ஏறி இறங்குகிறது. புள்ளி வெளியே போனால் ஆறு பேருடைய செல்போனில் ஒரே நேரத்தில் செய்தி. மனதார மகிழ்ந்தேன். இந்தத் திரைக்காக எங்கள் அதிகாரி எதையும் கொடுத்திருப்பார்.

“மூணு மாசமா ஒரு அலர்ட்டுகூட இல்லீங்க மாமா,” என்றான்.

நாலரை மாதத்துக்கு ஒன்று பொய்யாகவாவது வரும் என்பது என் மனக்கணக்கு. மூன்று மாத அமைதி தன்னளவில் தப்பில்லை. ஆனால் ஃபெட்லிங் பக்கம் ஒதுக்கி வைத்த காஸ்டிங் குவியல் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. பழைய தரவை எடுக்கச் சொன்னேன். மூன்று மாதத்துக்கு முன் முழு ஷிப்ட் சராசரி 9. அன்றைக்கு 16.

திரை ஏன் பேசவில்லை? மென்பொருளை அமைத்தவர் எல்லைக் கோடுகளைக் கடைசி 30 ஷிப்டிலிருந்து தினமும் புதிதாகக் கணக்கிடும்படி வைத்திருந்தார். 30 ஷிப்ட் என்பது பத்து நாள். குறை ஏறிய வேகத்தில் பத்து நாளில் ஒரு எண்கூட ஏறவில்லை. நடுக்கோடும் பின்னாலேயே ஏறியது, அரைப் புள்ளி அளவுக்குக்கூடப் பின்தங்கவில்லை. சராசரி 16 ஆனபோது மேல் எல்லை 28. நடுக்கோடே கூட நடந்து வந்ததால் எட்டு விதிக்கும் பிடிபடவில்லை. 18-ல் கோட்டை அசையாமல் நிறுத்தியிருந்தால் கடைசி வாரங்களில் நாலு ஷிப்டுக்கு ஒன்று சிவப்பாகியிருக்கும்.

காரணம் மண்தான், வேறு வழியில். செலவைக் குறைக்கப் புது மணல் சேர்ப்பதைக் குறைத்திருந்தார்கள். சூட்டில் பிசுக்கை இழந்த செத்த களிமண் சுழற்சி மண்ணில் சேர்ந்துகொண்டே போனது. அது தண்ணீரைக் குடிக்கும், பிடிப்பைத் தராது. மண் உதிராமலிருக்க வாரத்துக்கு வாரம் துளித்துளியாகத் தண்ணீர் கூட்டியிருக்கிறார்கள். நுண்துகள் அடைத்த அச்சில் ஆவி வெளியேற வழியில்லை, இரும்புக்குள்ளேயே நின்றுவிட்டது. ஏறிய குறைகளில் பெரும்பகுதி ப்ளோ ஹோல்.

அன்று மாலை அவன் அந்த அமைப்பை மாற்றினான். நன்றாக ஓடிய 25 ஷிப்டைத் தேர்ந்து, அதிலிருந்து வந்த சராசரியை நிலையாக நிறுத்தினான். மண்ணோ அச்சோ இரும்போ தெரிந்தே மாற்றினால் மட்டும், காரணத்தை எழுதிக் கையெழுத்திட்டுப் புதுக்கோடு போடுவது என்று முடிவானது. மறுநாள் காலை முதல் புள்ளியே சிவப்பு. ஆறு செல்போனும் அடித்தன.

உங்கள் தொழிற்சாலையில் இப்படி ஒரு திரை இருந்தால் இன்றே கேளுங்கள்: இந்த நடுக்கோடு எந்தத் தேதியில், எந்த ஷிப்டுகளிலிருந்து போடப்பட்டது? “தானா அப்டேட் ஆகும்” என்று பதில் வந்தால், மூன்று மாதத்துக்கு முந்தைய 25 ஷிப்டை எடுத்து ஒரு கிராஃப் தாளில் கோடு போட்டு, இந்த வாரப் புள்ளிகளை அதில் வைத்துப் பாருங்கள்.